பால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. அதற்குப் பிறகும் சுமார் பத்து நாள்கள் அந்த உலை கதிரியக்கப் பொருள்களை வானில் கக்கிக்கொண்டே இருந்தது. காற்று அவற்றை உக்ரைன், பெலாரஸ், ரஷ்யாவின் மேற்குப் பகுதி எனப் பல நூறு கிலோமீட்டர் தூரம் கொண்டு சென்றது. மழை பெய்த இடங்களில் அவை கூடுதலாகத் தரையில் படிந்தன. அது வசந்த காலம். குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் வைக்கோல் தின்ற மாடுகள் புதுப்புல் மேய வெளியே வந்திருந்த நேரம்.

படிந்தவற்றில் முக்கியமான ஒன்று அயோடின்-131. அது புல்லின் மேல் விழுகிறது. ஒரு பசு நாள் முழுக்கப் பெரிய பரப்பை மேய்ந்து, அங்கே சிதறிக் கிடப்பதை எல்லாம் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் அயோடின் பாலில் வந்துவிடுகிறது. அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் உடல், அது கதிரியக்க அயோடினா சாதாரண அயோடினா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அதை இழுத்துச் சேமிக்கிறது. குழந்தையின் தைராய்டு மிகச் சிறியது. அதே அளவு பாலைக் குடித்த பெரியவரைவிட அதன் ஒவ்வொரு கிராமுக்கும் பல மடங்கு கதிர்வீச்சு கிடைக்கிறது. உக்ரைன், பெலாரஸ், ரஷ்யப் பகுதிகளில் அப்போது குழந்தைகளாகவும் வளரிளம் பருவத்தினராகவும் இருந்தவர்களிடையே, 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாகின. அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் அந்த வசந்த காலத்துப் பால்.

1986 மே 6 அன்று சோவியத் சுகாதாரத் துறை பாலுக்கு ஒரு தற்காலிக வரம்பு வைத்தது: லிட்டருக்கு 3,700 பெக்கரல் அயோடின்-131. ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். வரம்பைத் தாண்டிய பாலைக் கொட்டிவிடலாம், அல்லது பாலாடைக்கட்டியாகவோ வெண்ணெயாகவோ பால்பவுடராகவோ மாற்றிக் கிடங்கில் வைத்துக் காத்திருக்கலாம். எத்தனை நாள் காத்திருந்தால் போதும்? அரை ஆயுள் கணக்கு பதில் சொல்லும் கேள்வி இதுதான்.

முதுமை இல்லாத அணு

அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள். துல்லியமாகச் சொன்னால் 8.02 நாள். இன்று ஒரு பாத்திரத்தில் எவ்வளவு அயோடின்-131 இருந்தாலும், எட்டு நாள் கழித்து அதில் பாதிதான் மிஞ்சும் என்பது இதன் பொருள். சிதைந்த பாதி, கதிரியக்கம் இல்லாத செனான் வாயுவாக மாறியிருக்கும்.

எவ்வளவு இருந்தாலும் அதே எட்டு நாள்தானா என்ற கேள்வி உடனே எழும். ஆம், அதே எட்டு நாள்தான். காரணம் அணுவின் இயல்பில் இருக்கிறது. எண்பது வயதுக்காரர் அடுத்த ஆண்டைத் தாண்டாமல் போகும் வாய்ப்பு, எட்டு வயதுச் சிறுவனுக்கு இருப்பதைவிட மிக அதிகம். அணுவுக்கு அப்படி வயது கூடுவதில்லை. நேற்று உண்டான அயோடின்-131 அணுவுக்கும், ஒரு மாதமாகச் சிதையாமல் தப்பி வந்த அணுவுக்கும், அடுத்த 24 மணி நேரத்தில் சிதையும் வாய்ப்பு ஒன்றுதான். அது நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல். வெப்பம், குளிர், அழுத்தம் எதுவும் இதை மாற்றாது. பாலைக் காய்ச்சினாலும் உறைய வைத்தாலும் கணக்கு அதேதான்.

ஒவ்வொரு அணுவின் வாய்ப்பும் மாறாமல் இருப்பதால், ஒரு நாளில் எத்தனை அணுக்கள் சிதையும் என்பது எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. நிறைய இருந்தால் நிறையச் சிதையும், குறைவாக இருந்தால் குறைவாகச் சிதையும். வேதியியல் பாடத்தில் முதல் வகை வினை என்று படித்தது இதைத்தான். வேகம், மிஞ்சியிருக்கும் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது.

எட்டு நாளில் பாதி போனால் பதினாறு நாளில் எல்லாம் போய்விடும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. முதல் எட்டு நாளில் பாதி போகிறது. அடுத்த எட்டு நாளில் போவது மிஞ்சியதில் பாதி. எனவே 16-ஆம் நாளில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். 24-ஆம் நாளில் எட்டில் ஒரு பங்கு, 32-ஆம் நாளில் பதினாறில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். 80-ஆம் நாளில், அதாவது பத்து அரை ஆயுள் கழிந்ததும், 1,024-இல் ஒரு பங்கு மிஞ்சும். பத்து அரை ஆயுள் கடந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற இந்தக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்திருந்தாலே பல கேள்விகளுக்கு வாய்க்கணக்காகப் பதில் சொல்லிவிடலாம்.

இடைப்பட்ட நாளைக் கண்டுபிடிப்பது

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மே மாதத் தொடக்கத்தில் ஒரு பண்ணையில் கறந்த பாலில் லிட்டருக்கு 40,000 பெக்கரல் அயோடின்-131 இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பவுடராக்கி மூட்டை கட்டிக் கிடங்கில் வைக்கிறோம். அதைத் தண்ணீரில் கரைத்து மறுபடி பாலாக்கும்போது லிட்டருக்கு 3,700 பெக்கரலுக்குக் கீழே இருக்க வேண்டும். எந்த நாளில் மூட்டையைப் பிரிக்கலாம்?

பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் 8-ஆம் நாள் 20,000, 16-ஆம் நாள் 10,000, 24-ஆம் நாள் 5,000, 32-ஆம் நாள் 2,500 என்று வரும். 3,700 என்பது 24-க்கும் 32-க்கும் இடையில் எங்கோ விழுகிறது. 32 நாள் காத்திருந்தால் கண்டிப்பாகப் போதும் என்று இங்கேயே சொல்லிவிடலாம். சரியான நாள் வேண்டுமென்றால் இந்தச் சூத்திரம் தேவை:

t = T × log(N₀ ÷ N) ÷ log 2

T என்பது அரை ஆயுள். N₀ தொடக்க அளவு. N நாம் எட்ட வேண்டிய அளவு. t நாம் தேடும் காலம். இந்தச் சூத்திரம் கேட்பது ஒரே கேள்விதான்: தொடக்க அளவை எத்தனை முறை பாதியாக்கினால் வேண்டிய அளவு வரும்? அந்த எண்ணிக்கை முழு எண்ணாக அமையாதபோது அதைக் கண்டுபிடித்துத் தருவதுதான் மடக்கையின் வேலை.

40,000-ஐ 3,700-ஆல் வகுத்தால் 10.81. அதன் மடக்கை 1.034. இரண்டின் மடக்கை 0.301. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 3.43 கிடைக்கும். அதாவது 3.43 முறை பாதியாக வேண்டும். அதை எட்டு நாளால் பெருக்கினால் 27.5 நாள். 28-ஆம் நாளில் மூட்டையைப் பிரித்துச் சோதிக்கலாம். அன்று லிட்டருக்கு ஏறக்குறைய 3,540 பெக்கரல் இருக்கும்.

இந்தக் கணக்கில் 40,000, 3,700 என்ற எண்களுக்குத் தனித்தனியாக இடமில்லை. அவற்றின் விகிதம் மட்டுமே வேலை செய்கிறது. 4,00,000-இலிருந்து 37,000-க்கு இறங்கவும் இதே 27.5 நாள்தான் ஆகும். தொடக்க அளவு இரு மடங்காக இருந்தால் காத்திருக்கும் காலம் இரு மடங்காகாது. இன்னும் ஓர் அரை ஆயுள், அதாவது எட்டு நாள் மட்டும் கூடும்.

வயலில் வேறு கணக்கு

இதே பண்ணையில் பசு தொடர்ந்து அதே வயலில் மேய்கிறது. மேலே காற்றில் புதிதாக எதுவும் வரவில்லை. நாளுக்கு நாள் கறக்கும் புதுப்பாலில் அயோடின் எவ்வளவு வேகமாகக் குறையும்? கிடங்குப் பவுடரைப் போல எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும் என்றுதான் தோன்றும். அளந்து பார்த்தால் அதைவிட வேகமாகக் குறைகிறது. சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது.

வயலில் அயோடின் குறைய இரண்டு வழிகள் இருப்பதுதான் காரணம். ஒன்று அணுச் சிதைவு. இன்னொன்று புல்லை விட்டு அது நீங்குவது. மழை கழுவுகிறது, காற்று உதிர்க்கிறது, புல் வளர வளரப் பழைய படிவு புதிய இலைகளுக்கு நடுவே நீர்த்துப்போகிறது. புல்லிலிருந்து இப்படி நீங்குவதற்கு மட்டும் ஓர் அரைக் காலம் கணித்தால் அது சுமார் 14 நாள் வரும். இந்த வழியிலும் ஒரு நாளில் நீங்குவது மிஞ்சியிருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்குதான். ஆகவே இதுவும் முதல் வகைதான்.

இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் நடக்கும்போது அரைக் காலங்களைக் கூட்டக் கூடாது. சராசரியும் எடுக்கக் கூடாது. வேகங்களைத்தான் கூட்ட வேண்டும். அரைக் காலத்தின் தலைகீழ் எண் வேகத்தைக் குறிக்கும் என்பதால் 1/8-ஐயும் 1/14-ஐயும் கூட்டுகிறோம். விடை 0.196. அதைத் தலைகீழாக்கினால் 5.1 நாள். இதற்குப் பயனுறு அரை ஆயுள் என்று பெயர். தனித்தனியாக எந்த வழிக்கும் ஆகும் காலத்தைவிட இது எப்போதும் குறைவாகவே இருக்கும். போட்ட கணக்கில் இது பெரிதாக வந்தால் எங்கோ பிழை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது பழைய கேள்விக்கு ஐந்து நாளைப் போட்டுப் பாருங்கள். 3.43-ஐ 5-ஆல் பெருக்கினால் 17.2. வயலில் மேயும் பசுவின் புதுப்பால் 18-ஆம் நாளிலேயே வரம்புக்குள் வந்துவிடும். முதல் நாள் கறந்து பத்திரமாக மூட்டை கட்டிய பவுடர் அப்போதும் வரம்புக்கு மேல்தான் இருக்கும். மூடிய மூட்டையிலிருந்து அயோடின் வெளியேற ஒரே வழி சிதைவு மட்டுமே. ஆகவே அரை ஆயுள் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்த இடத்துக்கான அரை ஆயுள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தாமதத்தின் விலை

இந்த ஐந்து நாள் கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. எனக்கு அதுதான் மிகவும் வலிக்கும் பாடம். ஒரு குழந்தை நாள்தோறும் அந்தப் பசுவின் பாலையே குடிப்பதாக வைத்துக்கொள்வோம். பாலில் அயோடின் ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அந்தக் குழந்தைக்கு மொத்தமாகச் சேரப் போகும் அயோடினில் பாதி முதல் ஐந்து நாளிலேயே உள்ளே போய்விடும். பத்து நாளில் முக்கால் பங்கு போயிருக்கும். பதினைந்து நாளில் எட்டில் ஏழு பங்கு.

அதாவது முதல் நாளே பாலை நிறுத்தினால் ஏறக்குறைய முழுப் பாதிப்பையும் தவிர்க்கலாம். ஐந்தாம் நாள் நிறுத்தினால் பாதியைத் தவிர்க்கலாம். பத்தாம் நாள் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கால் பங்கைத்தான் தவிர்க்க முடியும். நடந்தது இதைவிடச் சிக்கலானது. படிவு ஒரே நாளில் நிகழவில்லை, இடத்துக்கு இடம் நாளும் அளவும் மாறின. ஆனாலும் கணக்கின் திசை மாறாது. வெடிப்பு ஏப்ரல் 26, பாலுக்கு வரம்பு வந்தது மே 6. அரை ஆயுள் குறுகிய பொருளிடம் பத்து நாள் மிக நீண்ட காலம்.

போலந்து வேகமாகச் செயல்பட்டது. காற்றில் கதிரியக்கம் கூடியதைக் கண்டதும் ஏப்ரல் 29 இரவிலேயே சாதாரண அயோடின் கரைசலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். சில நாள்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டது. தைராய்டு சாதாரண அயோடினால் நிரம்பிவிட்டால், பின்னால் வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் குறைந்துவிடும். சிறு குழந்தைகளுக்குப் புதுப்பாலுக்குப் பதில் பால்பவுடரும் வழங்கினார்கள்.

கோடு வளைந்தால்

கணக்கு சரிதானா என்று அளந்துதான் உறுதி செய்ய முடியும். அளக்கும்போது இரண்டு இடங்களில் தவறு நேரும்.

முதலாவது, பின்னணிக் கதிர்வீச்சு. மண்ணிலும் சுவரிலும் விண்ணிலிருந்தும் வரும் கதிர்கள் கருவியில் எப்போதும் பதிவாகிக்கொண்டே இருக்கும். வெறும் பாத்திரத்தை வைத்தாலே நிமிடத்துக்கு 40 என்று கருவி காட்டுகிறது என்று கொள்வோம். பால் மாதிரியை வைத்தால் 640 காட்டுகிறது. எட்டு நாள் கழித்து 320 காட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாலுக்கு உரியது 600 மட்டும். அதில் பாதி 300. அதோடு மாறாத 40-ஐச் சேர்த்தால் கருவி 340 காட்டும். பின்னணியைக் கழிக்க மறந்தவர், அயோடின் மெதுவாகச் சிதைகிறது என்ற தவறான முடிவுக்கு வருவார். அளவு குறையக் குறைய இந்தப் பிழை பெரிதாகிக்கொண்டே போகும்.

இரண்டாவது, பாலில் அயோடின் மட்டும் இல்லாமல் இருப்பது. செர்னோபில் புகையில் சீசியம்-137 இருந்தது. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. ஒரு மாதிரியில் மொத்தக் கதிரியக்கம் 1,000 என்றும், அதில் 990 அயோடின், 10 சீசியம் என்றும் வைப்போம். எட்டு நாள் கழித்து மொத்தம் 505. ஏறக்குறைய பாதிதான் என்று சந்தேகமே எழாது. நாற்பதாம் நாள் அயோடின் 31 ஆகக் குறைந்திருக்கும், சீசியம் அப்படியே 10 இருக்கும், மொத்தம் 41. எண்பதாம் நாள் அயோடின் 1, சீசியம் 10, மொத்தம் 11. ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்று எண்ணியவருக்குப் பதினோரு மடங்கு கிடைக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் காத்திருந்தாலும் அந்த எண் அசையாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நாளைக் கிடைக்கோட்டிலும் அளவின் மடக்கையைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஒரே பொருள் முதல் வகையில் சிதைந்தால் புள்ளிகள் நேர்க்கோட்டில் இறங்கும். கோடு வளைந்து தட்டையாகத் தொடங்கினால், நீண்ட ஆயுள் கொண்ட வேறொன்று கூட இருக்கிறது, அல்லது பின்னணியைச் சரியாகக் கழிக்கவில்லை. எது என்று தெரிந்துகொள்ள ஆய்வகங்களில் காமாக் கதிரின் ஆற்றலை அளப்பார்கள். அயோடின்-131-இன் முக்கியக் கதிர் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், சீசியம்-137-உடையது 662-லும் தனித்தனிச் சிகரங்களாகத் தெரியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் அதனதன் அரை ஆயுளை வைத்துத் தனிக் கணக்குப் போடலாம்.

காத்திருக்க முடியாதபோது

சீசியத்துக்கு அதே கேள்வியைக் கேட்டால் விடை அதிர்ச்சி தரும். அளவு 10.81 மடங்கு குறைய 3.43 அரை ஆயுள் வேண்டும். 30 ஆண்டால் பெருக்கினால் 103 ஆண்டு. எந்தக் கிடங்கும் எந்தப் பவுடர் மூட்டையும் இதற்கு உதவாது. அயோடினுக்குக் காத்திருப்பது மருந்தாகும். சீசியத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

வெண்ணெயாக்குவது ஒரு வழி. சீசியம் நீரில் கரைந்து நிற்கும் பொருள் என்பதால் பெரும்பகுதி மோரோடு போய்விடும், வெண்ணெயில் மிகக் குறைவாகவே தங்கும். இன்னொரு வழி, கால்நடையின் உடலையே பயன்படுத்துவது. வயலில் கிடக்கும் சீசியத்துக்கு 30 ஆண்டு. ஆட்டின் உடலுக்குள் போனதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. சிறுநீரோடும் சாணத்தோடும் வெளியேறி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். இந்த இரண்டு வேகங்களையும் கூட்டிப் பாருங்கள். 30 ஆண்டு என்ற சிதைவின் பங்கு கணக்கில் தென்படவே தென்படாது. பயனுறு அரை ஆயுள் அந்த மூன்று வாரம்தான்.

நார்வேயில் செர்னோபில் படிவு விழுந்த மலைகளில் மேய்ந்த ஆடுகளுக்கு இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள். இறைச்சிக்கு அனுப்பும் முன் ஆடுகளை மலையிலிருந்து இறக்கி, தூய தீவனம் போட்டுச் சில வாரம் வைத்திருந்தார்கள். இறைச்சியில் இருப்பது வரம்பைப் போல நான்கு மடங்கு என்றால் இரண்டு அரைக் காலம், ஆறு வாரம் போதும். எட்டு மடங்கு என்றால் ஒன்பது வாரம். பிரஷ்யன் நீலம் என்ற சாயப் பொருளைத் தீவனத்தில் கலந்தும் கொடுத்தார்கள். அது குடலில் சீசியத்தைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும்.

ஆகவே ஒரு பொருள் குறிப்பிட்ட பங்குக்குக் குறைய எத்தனை காலம் என்று கேட்கும்போது மூன்று விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை மடங்கு குறைய வேண்டும், அந்தப் பொருளின் அரை ஆயுள் என்ன, அது இருக்கும் இடத்திலிருந்து சிதைவைத் தவிர வெளியேற வேறு வழி உண்டா? முதல் இரண்டும் கைக்கு வந்தால் காத்திருக்கும் நாளைக் கணிக்கலாம். அந்த நாள் நூறு ஆண்டுக்கு அப்பால் போகும்போது, மூன்றாவது கேள்வியின் பதில்தான் வழி காட்டும்.